அம்மாவின் ஆறு வைப்புச் சான்றிதழ்கள்

அம்மாவுக்கு 76 வயசு. அவவின்ர நிலையான வைப்புகள் நாலு இடத்தில ஆறு சான்றிதழ்களாக இருந்தன. ஒரு வங்கியில் 10 இலட்சம், இன்னொன்றில் 3, 2 என்று 5 இலட்சம், ஒரு நிதி நிறுவனத்தில் 8, மற்றதில் 3, 2 என்று 5. மொத்தம் 28 இலட்சம். ஆறுக்கும் ஆறு முதிர்வுத் திகதி. நடக்கக் கஷ்டப்படத் தொடங்கியபோது, “இனி நீங்களே பாருங்கோ” எண்டு சொல்லிப்போட்டா.

ஆனா சொன்னாப்போல காணாது. நொமினியாக எங்கட பெயர் இருந்தது உண்மைதான்; அது அவவின்ர காலத்துக்குப் பிறகுதான் செல்லும். உயிரோட இருக்கேக்க அவவுக்காகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் வேணும். நொத்தாரிசிடம் எழுதி, பதிவும் செய்தோம். “வைப்புகளை மீளப்பெறவும், புதுப்பிக்கவும், வேறு இடத்துக்கு மாற்றவும்” எண்டு தனித்தனியாகச் சொல்லி எழுதுவித்தோம். பொதுவாக எழுதினால், இந்த அதிகாரம் இதில இல்லை எண்டு வங்கி திருப்பி அனுப்பலாம்.

இதைத் தள்ளிப்போடக் கூடாததுக்கு ஒரு காரணம் இருக்கு. கொடுத்தவர் தெளிவாக முடிவெடுக்கும் நிலையை இழந்தால், எங்கட நாட்டில் அந்தத் தத்துவமும் செல்லாமல் போகும். ஞாபகமறதி முற்றிய பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும். அம்மா ஒவ்வொரு வரியையும் வாசிப்பிச்சுக் கேட்டுத்தான் கையெழுத்து வைச்சா.

அதிகாரம் கிடைச்ச உடன எல்லாத்தையும் உடைக்கேல்லை. முதிர்வுக்கு முதல் எடுத்தால், வைத்திருந்த காலத்துக்கான வட்டியைக் குறைந்த வீதத்தில் திரும்பக் கணக்குப் பார்ப்பினம். மாதாமாதம் கூடுதலாகத் தந்த வட்டியை முதலில் கழிப்பினம். அதால ஆறு திகதிகளையும் ஒரு தாளில எழுதி, ஒவ்வொன்றும் முதிர்கிற வரைக்கும் பொறுத்திருந்தோம். முதிர்வுக்கு முதலே எழுத்தில் அறிவித்தோம். இல்லாட்டி தானாகவே புதுப்பிச்சுப் போடுவினம்.

எல்லாத்தையும் ஒரே வங்கியில் போடுவமோ எண்டு யோசிச்சோம். அது இலேசு. ஆனா வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். அதால முதல் வங்கியின் 10 இலட்சத்தை அப்படியே விட்டோம். மற்ற வங்கியின் 5 இலட்சத்தோட ஒரு நிதி நிறுவனத்தின் 5 இலட்சத்தைச் சேர்த்து, அங்கயும் 10 ஆக்கினோம். மிச்ச 8 இலட்சம் அரச உத்தரவாதம் உள்ள தேசிய சேமிப்பு வங்கிக்குப் போனது. நிதி நிறுவனங்கள் தந்த கூடுதல் வட்டியில் கொஞ்சம் குறைஞ்சது. அதை அம்மாவிட்ட முதலே சொல்லி, ஓம் எண்ட பிறகுதான் மாத்தினோம்.

இப்ப மூண்டு சான்றிதழ்தான். மூண்டின் மாத வட்டியும் அம்மாவின்ர பெயரில உள்ள ஒரே சேமிப்புக் கணக்குக்கு வரும். எங்கட பெயருக்கு ஒரு சதமும் மாறேல்லை. தத்துவம் அம்மாவின்ர காசை அவவுக்காகக் கையாளத்தான்; அவ இல்லாத நாளில் அதுவும் முடிஞ்சுபோகும்.