பெட்டி பெல்ட்டில் ஏறும் முன்

"ரீஃபண்ட் எல்லாம் மெஷினே குடுத்துடுதுண்ணே, இதுக்கு ஒரு ஆளு எதுக்கு?" என்று சிதம்பரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி கேட்டார். சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, கடலூர் ஆட்களைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் இத்தனை காலமும் என் பிழைப்பு. அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குள் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

அங்கே வாங்கிய சாமானுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. வரியை மெஷினே திருப்பிக் கொடுக்கிறது, உண்மைதான். அந்தக் காலத்தில் கடையில் எழுதித் தந்த படிவத்தில் சுங்கக்காரர் முத்திரை குத்துவார். இப்போது கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டினால் பில் அதில் ஏறிவிடுகிறது. சாங்கி விமான நிலையத்தில் கியாஸ்க்கில் பாஸ்போர்ட்டை வைத்தால் பில்கள் வரிசையாகத் திரையில் வருகின்றன. ஆனால் எந்தக் கியாஸ்க்கில், எப்போது வைப்பது? அங்கேதான் பணம் போகிறது.

பொருள் பெரிய பெட்டியில் போகிறதென்றால், பெட்டியைப் போடுவதற்கு முன், செக்-இன் கூடத்திலுள்ள கியாஸ்க்கில் செய்ய வேண்டும். கைப்பையில் போகிறதென்றால் இமிக்ரேஷன் தாண்டி உள்ளே செய்யலாம். இன்றைய பிள்ளைகள் முதல் நாள் இரவே போனில் போர்டிங் பாஸ் எடுத்துவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை. விமான நிலையத்துக்கு வந்ததும் நேரே தானியங்கி பேக்-டிராப்புக்குப் போய்ப் பெட்டியைப் பெல்ட்டில் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் வினை. உள்ளே போய்க் கியாஸ்க்கைத் தட்டும்போது 'சோதனைக்குப் போ' என்று திரை சொன்னால், காட்டுவதற்குப் பொருள் ஏது? அது விமானத்தின் வயிற்றில் கிடக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கடலூர் பழைய டவுனில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். அட்டைப்பெட்டி கட்டுவதில் அவ்வளவு கண்டிப்பு. நம் ஆட்கள் டேப்பைச் சுற்றி, மேலே நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ரீஃபண்ட் சாமான் அடியில் இருக்கும், மேலே பால்பவுடரும் சாக்லேட்டும். சுங்கக் கவுண்டரில் "திற" என்றால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். பெரியவர் முறையே வேறு. பில் போட்ட சாமான் எல்லாம் ஒரே பெட்டியில், மேல் அடுக்கில், பிரிக்காத கடைக் கட்டோடு இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு மட்டும் அறையில் கயிறு கிடையாது. கியாஸ்க் 'சரி' என்று சொன்ன பிறகு அங்கேயே கட்டுவார். அதற்காகவே டேப் உருளையும் கயிறும் கைப்பையில் எடுத்து வருவார். பில்லைத் தனி உறையில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைப்பார். எந்த ஆப் இதைச் சொல்லிக்கொடுக்கிறது?

ஒரு திருப்பாதிரிப்புலியூர்த் தம்பதி, மகள் சீருக்காக 654 வெள்ளிக்குச் சாமான் வாங்கினார்கள். வரி 9 சதவீதம் என்றதும் கால்குலேட்டரில் 58 வெள்ளி 86 காசு என்று போட்டார்கள். பில் தொகையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 654-ஐ 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்க வேண்டும்: 54 வெள்ளி. ரீஃபண்ட் கம்பெனி தன் கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். பில்லை அங்கே வேலை பார்க்கும் மகன் பெயரில் போடவும் பார்த்தார்கள், நான் தடுத்தேன். ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. சுற்றுலா வந்தவரே தன் பாஸ்போர்ட்டோடு கடையில் நின்று வாங்க வேண்டும். 100 வெள்ளிக்குக் குறைந்தால் கிடையாது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்துக் காட்டலாம். வாங்கி இரண்டு மாதத்துக்குள் நாட்டை விட்டு எடுத்துப் போயாக வேண்டும். ஹோட்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எதுவும் திரும்பாது.

நடராஜர் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், வாங்கிய வெண்கலச் சிலைக்கு இங்கே வரி திரும்பக் கிடைக்குமா என்று என்னைக் கேட்பார்கள். 2017-இல் வந்த ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிடைக்கும் என்கிறது; சிங்கப்பூரைப் போன்ற ஏற்பாட்டை ஒருவரும் கட்டவில்லை. அந்த வருத்தமும் எனக்கு உண்டு.

நேரத்துக்கு வருகிறேன். பல விமானங்களுக்குக் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். கியாஸ்க்கில் வரிசை, சோதனை வந்தால் அதற்கொரு வரிசை, பெட்டியைத் திரும்பக் கட்ட நேரம், பிறகுதான் செக்-இன் வரிசை. ரொக்கமாக வேண்டுமென்றால் இமிக்ரேஷன் தாண்டி ரீஃபண்ட் கவுண்டரில் இன்னொரு வரிசை. திருச்சி விமானமோ சென்னை விமானமோ, குடும்பமாகப் போகிறவர்கள் நான்கு மணி நேரம் முன்பே சாங்கியில் இருங்கள். லிட்டில் இந்தியாவில் கடைசி நேர ஷாப்பிங்கை முதல் நாளே முடித்துவிடுங்கள்.