சம்பளம் அல்ல, பயிற்சிக்காலப் பணம்!

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் 'இன்டர்ன்ஷிப்' கடிதம் வருகிறது. ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் தங்கி வேலை பழகுவதற்கான அழைப்பு அது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளை செல்போனைப் பார்த்து அதன் சாரத்தை இரண்டு வரியில் சொல்லும். அந்த இரண்டு வரியை நம்பித்தான் வீட்டில் முடிவெடுக்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் பயிரிடும் ஒரு குடும்பத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டரை ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். மகள் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருடம். ஓசூரில் உள்ள உணவுப் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. "அப்பா, ஆறு மாசம், மாசம் 12,000 ரூபாய். அப்புறம் அங்கேயே வேலை" என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் புரிந்திருந்தது.

அப்பா மனக்கணக்குப் போட்டார். ஆறு மாதத்துக்கு 72,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்கிய கடனுக்கு ஜூலையில் கெடு. அந்தப் பணத்தில் நகையை மீட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டார். அம்மாவுக்கு வேறு கவலை. ஜனவரியில் மஞ்சள் அறுவடை தொடங்கிவிடும். வெட்டுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வீட்டிலிருக்கும் ஒரு கையும் குறைந்தால் என்ன செய்வது? முன்பின் தெரியாத ஊரில் பெண் பிள்ளை எங்கே தங்கும்?

பதில் அனுப்ப ஐந்து நாள் கெடு இருந்தது. ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கடிதத்தை எடுத்துப் போனார்கள். அவர் வாசித்துக் காட்டவில்லை. ஒரு நோட்டை எடுத்து, கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் எழுத ஆரம்பித்தார்.

முதல் சிக்கல்: 'ஸ்டைபண்ட்'

கடிதத்தில் சம்பளம் என்ற சொல்லே இல்லை. 'ஸ்டைபண்ட்' என்றுதான் இருந்தது. அதைத் தமிழில் எப்படி எழுதுவது? உதவித்தொகை என்றால் அரசாங்கம் தரும் படிப்புப் பணம் என்று தோன்றும். ஊக்கத்தொகை என்றால் நெல்லுக்கும் கரும்புக்கும் விலைக்கு மேல் அரசு சேர்த்துத் தருவது நினைவுக்கு வரும். கொடுக்கிற விலைக்கு மேல் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தோன்றிவிடும். அதனால் வாத்தியார் ஒரே சொல்லைத் தேடாமல், 'பயிற்சிக் காலத்தில் கைச்செலவுக்காக மாதம் தரும் பணம்' என்று நீட்டி எழுதினார்.

"சம்பளம்னுதானுங்க புள்ள சொல்லுச்சு?" என்று அப்பா கேட்டார்.

"சம்பளம்னா அது வேலைக்காரங்களுக்கு, தம்பி. வருங்கால வைப்பு நிதி, காப்பீடு எல்லாம் அதோட வரும். இதுல அதெல்லாம் கிடையாதுன்னு நாலாவது பத்தியிலேயே எழுதியிருக்கான் பாருங்க. உங்க பொண்ணு அங்க வேலைக்காரி இல்லை, பயிற்சிக்கு வந்தவ."

12,000 என்ற எண்ணுக்குப் பின்னால் மூன்று நிபந்தனைகள் இருந்தன. பத்து சதவீதம் வருமான வரிப் பிடித்தம் உண்டு. மாதம் ஒரு நாள்தான் விடுப்பு. அதற்கு மேல் போனால் நாளுக்கு 400 ரூபாய் குறையும். ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிதான் வங்கிக் கணக்கில் ஏறும்.

பிடித்த வரி திரும்பக் கிடைக்கும். மகளின் ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாததால், பான் எண்ணை வைத்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிதியாண்டு முடிந்த பிறகே அது கைக்கு வரும். ஜூலை கெடுவுக்கு அதை நம்ப முடியாது.

இரண்டாவது சிக்கல்: ஆறு மாதம் எது வரை?

ஆறு மாதம் என்றதும் அப்பா, ஜனவரியில் போனால் படிப்பு முடியும்போது இதுவும் முடிந்துவிடும் என்று நினைத்தார். கடிதத்திலோ 'சேர்ந்த நாளிலிருந்து' என்று இருந்தது. ஜனவரி 5 சேர்ந்தால் ஜூலை 4 வரை. மகளுக்கு மே மாதம் கல்லூரியில் திட்ட அறிக்கைக்கான வாய்மொழித் தேர்வு இருக்கிறது. அதற்கு முன்னால் அறிக்கையை முடிக்கவும், கல்லூரிக்கு வந்து காட்டவும் நாள் வேண்டும். அதற்கு விடுப்பு உண்டா என்பது கடிதத்தில் இல்லை.

அதைவிட முக்கியமான வரி ஒன்று அதற்குக் கீழே இருந்தது. ஆறு மாதத்தையும் முழுதாக முடித்தவர்களுக்கே சான்றிதழ். தேர்வு முடிந்ததும் மே மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டால், நான்கு மாதம் உழைத்தது காகிதத்தில் நிற்காது.

மூன்றாவது சிக்கல்: 'மே'

'அப்புறம் அங்கேயே வேலை' என்று மகள் சொன்னது, 'மே பி கன்சிடர்டு' என்ற மூன்று சொல்லிலிருந்து வந்தது. இதைத் தமிழில் 'வேலை தரலாம்' என்று எழுதினால் தவறில்லை. ஆனால் கேட்பவர் காதில் அது எப்படி விழும்? 'நாளைக்கு வாங்க, தரலாம்' என்று கடைக்காரர் சொன்னால் தருவார் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்! வாத்தியார் அதை அடித்துவிட்டு, 'நிறுவனத்தில் இடம் இருந்து, மகளின் வேலையும் அவர்களுக்குப் பிடித்திருந்தால், வேலைக்கு எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை' என்று எழுதினார்.

இன்னொன்றையும் அவர் கவனித்துச் செய்தார். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பணத்தை முதலில் சொல்லிவிட்டு, நிபந்தனையைக் கடைசியில் ஒட்டுவார்கள். அதே வரிசையில் வாயால் சொன்னால், பணத்தைக் கேட்டதோடு மனசு நின்றுவிடும். தமிழில் நிபந்தனை முன்னால் வருவதுதான் இயல்பு: 'ஒரு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்காமல் இருந்தால், வரி போக 10,800 ரூபாய்.' நோட்டு முழுக்க அப்படியே எழுதினார்.

நோட்டில் போட்ட கணக்கு

மொழிபெயர்த்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் செலவைப் போட்டார்கள். மகள் அங்கே படித்துப்போன அக்கா ஒருத்தியிடம் போனில் விசாரித்தாள். பெண்கள் விடுதி, சாப்பாட்டோடு மாதம் 6,500 ரூபாய். பேருந்துக்கு 1,200. போன், சோப்பு, மருந்து என்று 1,000. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 800. மொத்தம் 9,500. வரி போக வரும் 10,800-இல் மிஞ்சுவது 1,300 ரூபாய். ஆறு மாதத்துக்கு 7,800 ரூபாய்தான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. 72,000 என்று நினைத்திருந்தார்.

அதோடு முடியவில்லை. விடுதிக்கு முன்பணம் 6,500. ஜனவரிச் செலவு 9,500. முதல் பணம் பிப்ரவரி 10-ஆம் தேதிதான் ஏறும். விடுதிக்காரருக்கோ 5-ஆம் தேதியே இன்னொரு 6,500 கொடுத்தாக வேண்டும். ஆக, முதல் பணத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் வீட்டிலிருந்து 22,500 ரூபாய் போக வேண்டும். அந்த முதல் பணமும் முழுசாக இருக்காது. 5-ஆம் தேதி சேருவதால் ஜனவரிக்கு 27 நாள்தான் கணக்கு. 10,452 ரூபாய், வரி போக ஏறக்குறைய 9,400.

"நகைக்கு வழி இல்லைங்க" என்றார் அப்பா.

"நகைக்கு மஞ்சளைத்தான் நம்பணும், தம்பி. இதை நம்பக் கூடாது. ஆனா கண்ணு ஆறு மாசம் கைப்பணம் கேக்காம தொழில் பழகிட்டு வரும். அது வேணுமா வேண்டாமான்னு பாருங்க."

பேச்சு அதற்குப் பிறகுதான் சரியான இடத்துக்கு வந்தது. அம்மா கேட்டார்: "அங்க போயி என்ன வேலைங்க செய்யும்?" அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. கடிதத்தில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் என்று இருந்தது. வரும் மசாலாப் பொருளில் ஈரப்பதம் பார்ப்பது, கலப்படம் பார்ப்பது. "நம்ம மஞ்சளையும் இப்படித்தாம்மா பார்ப்பாங்க" என்றாள் மகள். படிப்புக்கு நேரான வேலைதான் என்பது அப்போதுதான் பெற்றோருக்குத் தெரிந்தது.

பதிலுக்கு முன் கேட்ட கேள்விகள்

ஒத்துக்கொள்வதற்கு முன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார் வாத்தியார். மே மாதத் தேர்வுக்கு ஐந்து நாள் விடுப்பு உண்டா, அந்த நாட்கள் சான்றிதழைப் பாதிக்குமா? ஆய்வகத்தில் விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது? இரவு வேலை உண்டா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? போனில் கேட்டால் சொன்னவர் நாளை மாறிவிடலாம். எழுத்தில் வந்த பதில்தான் நிற்கும்.

கடிதம் உண்மையானதா என்றும் பார்த்தார்கள். பதிவுக் கட்டணம், காப்புத்தொகை என்று பணம் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அனுப்பிய மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேட்டதில், முந்தைய வருடமும் இரண்டு பேர் அங்கே போய் வந்ததாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தேர்வுக்கு ஐந்து நாள் விடுப்பு உண்டு, அதற்குப் பணம் கிடையாது, சான்றிதழுக்குத் தடையில்லை. குழு விபத்துக் காப்பீட்டில் சேர்ப்பார்கள். இரவு வேலை இல்லை. அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவார்கள். இதையும் வாத்தியார் நோட்டில் தமிழில் எழுதி, கீழே தேதி போட்டார். ஐந்து நாளுக்கு 2,000 ரூபாய் குறையும் என்று அப்பாவே ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

22,500 ரூபாய்க்கு ஒரு கறவை மாட்டை விற்பதா என்று இரண்டு நாள் யோசித்தார்கள். மாட்டை விற்றால் பால் பணம் நின்றுபோகும். கடைசியில் அம்மா, மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தார். மீதியை உண்டியலில் இருந்து எடுத்தார்கள். மஞ்சள் வெட்டுக்குக் கூடுதலாக இரண்டு ஆள் பேசிக்கொண்டார்கள். நகைக்கடனுக்கு, சங்கத்தில் வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்க முடியுமா என்று அப்பா முன்கூட்டியே போய்க் கேட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மகள் ஒப்புதல் அனுப்பினாள். அனுப்பும் முன் நோட்டை வாங்கி, தமிழில் இருந்த எல்லா வரியையும் அப்பா அம்மா முன்னால் தானே ஒருமுறை சத்தமாகப் படித்தாள். 'எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை' என்ற வரி வந்தபோது அம்மா, "அது தெரிஞ்சுதான் அனுப்பறோம், படி கண்ணு" என்றார்.