கடன் தொகைக்குப் போட்ட காப்பீடு

"பயிருக்குக் காப்பீடு எழுதச் சொல்கிறீர்கள். குடியிருக்கிற வீட்டுக்கு ஏன் யாரும் சொல்வதில்லை?" என்று பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். எவ்வளவு தொகைக்குப் போடுவது, பிரீமியம் எவ்வளவு வரும், எதற்குப் பணம் தரமாட்டார்கள் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார். வேளாண் அலுவலர் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது பயிர்க் காப்பீடுதான். வீட்டுக் காப்பீட்டை நான் கற்றுக்கொண்டது சொந்தக் காசை இழந்து.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்று பகலில் ஊர் ஊராகப் போய் விழுந்த தென்னைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் சொந்த ஊர் வீட்டின் அடுப்படி மீதும் ஒரு தென்னை சாய்ந்து கிடந்தது. ஓட்டுக்கூரை நொறுங்கி, பின்பக்கச் சுவர் பிளந்து, தண்ணீர்த் தொட்டியும் உடைந்துவிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக் கடன் வாங்கியபோது கூடவே போட்ட காப்பீடு இருந்ததால் தைரியமாகத்தான் இருந்தேன். நட்டம் 2,20,000 ரூபாய் என்று மதிப்பீட்டாளரும் ஒப்புக்கொண்டார். கைக்கு வந்ததோ 1,10,000 தான். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடன் 6 லட்சம் என்பதால் காப்பீட்டையும் 6 லட்சத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். பழைய வீடு என்பதைக் கழித்துப் பார்த்தும் அதன் மதிப்பு 12 லட்சம் என்றார் மதிப்பீட்டாளர். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நட்டத்திலும் பாதிதான் கிடைக்குமாம். விழுந்தது அடுப்படி மட்டும்தானே, 6 லட்சத்துக்குள் அடங்குகிறதே என்று வாதாடிப் பார்த்தேன். பத்திரத்தில் விகிதாசார விதி என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டவன் நான்தான்; படிக்காமல் போட்டவனும் நான்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு மரம் விழுவதும் அதில் அடங்கும். குறைவாகப் போட்டதற்காக நட்டத்தை விகிதம் போட்டு வெட்டும் வழக்கம் இதில் இல்லை. ஆனால் வீடு முழுவதும் போய்விட்டால், போட்ட தொகையை வைத்துத்தான் பணம் வரும். அதனால் தொகையைச் சரியாகக் கணக்கிடுவது இன்றைக்கும் உங்கள் வேலைதான்.

இதில் மூன்று தொகைகளைக் குழப்பிக்கொள்கிறோம். கடன் தொகை என்பது கடன் கொடுத்தவருடைய கணக்கு. விற்பனை விலையில் மனையின் விலையும் சேர்ந்திருக்கும். புயல் மனையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நமக்கு வேண்டியது, அதே வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும்.

என் வீட்டுக்குப் போட்ட கணக்கையே சொல்கிறேன். எங்கள் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டேன். "இப்ப சதுர அடிக்கு ரெண்டாயிரம் இல்லாம முடியாது சார்" என்றார். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். வீடு சுவரோடு சேர்த்து 900 சதுர அடி, ஆக 18 லட்சம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கொத்தனார் சொல்லும் விலை சுவர்களையும் சேர்த்த பரப்புக்கு. பாலிசி கேட்பதோ கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே கால் வைத்து நடக்கும் பரப்பு. என் வீட்டில் அது 760 சதுர அடி. 760-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 15,20,000 தான் வரும். 2,80,000 காணாமல் போய்விடும். அதனால் 18 லட்சத்தை 760-ஆல் வகுத்து, சதுர அடிக்குச் சுமார் 2,370 என்று எழுதிக் கொடுத்தேன். சுற்றுச்சுவரையும் வெளிக் கழிப்பறையையும் தனியாக 1,50,000 என்று சேர்த்தேன். கட்டடத்துக்கு மொத்தம் 19,50,000.

வீட்டுப் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காவிட்டாலும், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகச் சேரும். எனக்கு அது 3,90,000. கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, பாத்திரம் என்று ஒவ்வோர் அறையாக எழுதிப் பார்த்தேன்; போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாது என்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டும் சேர்ந்து 23,40,000. பிரீமியத்தை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். நிறுவனத்துக்கும் ஊருக்கும் தக்கபடி அது மாறும். கணக்குப் புரிவதற்காக ஆயிரத்துக்கு 50 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,340-ஐ 50 காசால் பெருக்கினால் 1,170 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் ஆண்டுக்கு 1,381 ரூபாய். பழையபடி கட்டடத்துக்கு 6 லட்சம், பொருளுக்கு 1,20,000 என்று போட்டிருந்தால் 425 ரூபாய் வந்திருக்கும். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட மிச்சமில்லை. அதற்காகப் பதினாறு லட்சத்தை வெளியே விட்டிருப்பேன்.

இனி, எதற்குப் பணம் வராது என்ற கேள்வி. விவசாயி வீட்டில் விலை உயர்ந்தவை பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. கூடத்தில் அடுக்கியிருக்கும் நெல் மூட்டையும், விற்க வைத்திருக்கும் தேங்காயும் வீட்டுப் பொருள் ஆகாது. கறவை மாட்டுக்குத் தனிக் காப்பீடுதான். ரொக்கத்துக்குக் கிடையாது. நகைக்கு வேண்டுமானால் தனியாகக் கேட்டு, மதிப்பு எழுதிச் சேர்க்க வேண்டும். சாதாரணத் திருட்டும் இதில் வராது. தீயோ வெள்ளமோ வந்து, அதை ஒட்டி 7 நாளுக்குள் திருடு போனால் மட்டும் உண்டு.

சுவர் விரிசலைப் பற்றித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கரிசல் மண் கோடையில் பிளந்து மழையில் உப்பும். அஸ்திவாரம் ஆழமில்லாத வீடு மெல்ல மெல்ல விரியும். புது வீடு அமர்வதால் வரும் விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, கட்டுமானக் குறை, ஆற்றங்கரை அரிப்பு இவற்றுக்கெல்லாம் பணம் கிடையாது. ஆகவே பாலிசி எடுக்கும் அன்றே நான்கு பக்கச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வைத்தேன். நாளைக்கு வெள்ளத்தில் சுவர் விழுந்து, இது பழைய விரிசல்தானே என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும் அல்லவா?

மின்கசிவில் டி.வி. மட்டும் கருகினால் அந்த டி.வி.க்குப் பணம் இல்லை. அதிலிருந்து தீ பரவி வீட்டைப் பிடித்தால், பரவிய இடத்துக்கு உண்டு. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்வதை நாம் அறிவோம்.  வைக்கோல் போர் வீட்டுப் பொருளில் சேராது. அதிலிருந்து வீட்டுக்குத் தீ தாவினால் வீட்டுக்குக் கேட்கலாம்.

கடிதம் எழுதிய வாசகர் தன் வீட்டில் பாதி கீற்றுக்கூரை என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். கீற்று, மூங்கில், தார்ப்பாய் கொண்ட கட்டடத்தை இவர்கள் தனி வகையாகப் பார்க்கிறார்கள். விண்ணப்பத்திலேயே அதை எழுதிக் கொடுத்து, அந்தப் பகுதியும் சேர்கிறதா, அதற்கு என்ன விகிதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. மாடி வீடு என்று சும்மா எழுதிவிடாதீர்கள். கொத்தனாரிடம் கேட்கும்போது இரண்டு பகுதிக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.