அந்தப் பதினைந்து நிமிஷம்

பவர் சிஸ்டம் பேப்பரோட முதல் அசைன்மென்ட் போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 11:59-க்கு முடிஞ்சது. அன்னிக்கு நான் பாதி கூட எழுதல. சரி, ஒரு நாள் லேட் தானே, பத்து சதவீதம் போகட்டும்னு முடிவு பண்ணி சனிக்கிழமை பூரா உட்கார்ந்து எழுதினேன். ராத்திரி 11:40-க்கு ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்ணப் போனா, ஃபைல் 18 எம்பி. போர்ட்டல் 10 எம்பிக்கு மேல வாங்காது. சுருக்கி ஏத்தறதுக்குள்ள மணி 12:14. அதாவது 24 மணி நேரம் முடிஞ்சு பதினைந்து நிமிஷம். கணக்குல அது இரண்டாவது நாள்.

மார்க் வந்தப்போ 40-க்கு 26. எழுதினதுக்குக் கிடைச்சது 34. நான் வாங்கின மார்க்குல இருபது சதவீதம் தான் குறைப்பாங்கன்னு நினைச்சிருந்தேன், அப்படின்னா 27.2 வரணும். மேம்கிட்ட போய்க் கேட்டேன். கோர்ஸ் பிளானை எடுத்துக் காட்டினாங்க. "மொத்த மதிப்பெண்ணில் நாளொன்றுக்கு 10 சதவீதம்"னு தெளிவா இருந்தது. 40-ல பத்து சதவீதம் நாலு, இரண்டு நாளுக்கு எட்டு. "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டிருந்தா யோசிச்சிருப்பேன்பா"ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

எனக்கு இந்தப் பேப்பர்ல ஏ பிளஸ் வேணும். சிஜிபிஏ 8.47-ல நிக்குது, டிஸ்டிங்ஷனுக்கு 8.5. நம்ம காலேஜ்ல ஏ பிளஸ் 81-ல ஆரம்பிக்குது. செமஸ்டர் தொடக்கத்துல போட்ட கணக்குப்படி எண்ட் செம்ல 83 எடுத்தா போதும். ரூமுக்கு வந்து அதுல இந்த எட்டைக் கழிச்சுப் பார்த்தேன். எண்ட் செம்ல 96 தேவைன்னு வந்தது. 96 எல்லாம் நமக்கு எங்க வரப் போகுது? ரெண்டாவது அசைன்மென்ட்டை விட்டுடலாம், அந்த நேரத்தை வேற பேப்பருக்குக் கொடுக்கலாம்னு ரூம்மேட்கிட்ட சொன்னேன்.

அவன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்துட்டு, "டேய், எட்டை எதுலடா கழிச்சிருக்க?"ன்னு கேட்டான்.

அங்க தான் தப்பு. நான் எட்டை நேரா நூத்துல இருந்து கழிச்சிருந்தேன். அந்த எட்டு நூத்துல இருக்கிற எட்டு இல்ல. ஒவ்வொரு அசெஸ்மென்ட்டும் நூறு: அசைன்மென்ட் 40, டெஸ்ட் 60. ரெண்டும் சேர்ந்து 200, அதை 40-ஆ சுருக்கறாங்க. அதாவது ஐந்தால வகுக்கணும். அப்போ எட்டு மார்க் இறுதியில வெறும் 1.6. எண்ட் செம் பேப்பர் நூறு மார்க், அது 60-ஆ சுருங்குது. அந்த 1.6-ஐ அங்க மீட்கணும்னா 0.6-ஆல வகுக்கணும், 2.67 வருது. ஒரு ரெண்டு மார்க் கேள்வியும் இன்னொண்ணுல பாதியும், அவ்வளவு தான்.

அப்புறம் முழுசா திரும்பப் போட்டோம். முதல் அசெஸ்மென்ட்: 26-உம் டெஸ்ட்ல எடுத்த 45-உம் சேர்த்து 71. இது கையில இருக்கிற மார்க், மாறாது. ரெண்டாவதுக்கு நான் 40, 55-னு ஆசையா எழுதினேன். அவன் அடிச்சிட்டு, "முதல் தடவை எடுத்ததையே போடு, லேட் மட்டும் இல்லாம"ன்னான். 34-உம் 45-உம், 79. மொத்தம் 150, ஐந்தால வகுத்தா 30.

(81 − 30) ÷ 0.6 = 85

96 இல்ல, 85. அதே கணக்குல ரெண்டாவது அசைன்மென்ட்டை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னும் பார்த்தோம். 34 போனா இன்டர்னல்ல 6.8 குறையும், எண்ட் செம்ல பதினோரு மார்க்குக்கு மேல கூடுதலா எடுக்கணும். அப்போ தான் நிஜமாவே 97 தேவைப்பட்டிருக்கும். நான் பயந்த நம்பரை நானே உண்டாக்கப் பார்த்திருக்கேன்.

ரெண்டாவது அசைன்மென்ட்டை ஒரு நாள் முன்னாடியே கொடுத்துட்டேன். இந்தத் தடவை கம்மி ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணினேன், 6 எம்பி. மார்க் 36. டெஸ்ட்ல 49. ஆக இன்டர்னல் 156, சுருக்கினா 31.2. மிச்சம் 49.8, அதை 0.6-ஆல வகுத்தா சரியா 83. ஆரம்பத்துல எங்க இருந்தேனோ அங்கயே வந்து நிக்கறேன்.

இதுவரைக்கும் எந்த எண்ட் செம்லயும் நான் எடுத்த அதிகபட்சம் 81. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு.