நசுங்கிய பெட்டியும் மூன்று படங்களும்

ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கிய பீங்கான் ஊறுகாய் ஜாடி, மதுரை வந்து சேர்ந்தபோது உடைந்திருந்தது. "பொருள் உடைந்துவிட்டது, படம் இணைத்துள்ளேன்" என்று மட்டும் எழுதினால், "நீங்களே கீழே போட்டிருக்கலாமே" என்று கேட்பார்கள். அதனால் படங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறது என்று விற்றவருக்கு எழுதினேன்:

"படம் 1: பிரிக்காத பெட்டி. வலது கீழ் மூலை 4 செ.மீ. உள்ளே நசுங்கியிருக்கிறது. டேப் கிழியவில்லை.
படம் 2: பிரித்த பெட்டி. ஜாடிக்கு ஒரே ஒரு சுற்று பபிள் ஷீட். சுற்றிலும் வேறு எதுவும் அடைக்கவில்லை.
படம் 3: ஜாடி பெட்டிக்குள் இருந்தபடியே. நசுங்கிய மூலையை ஒட்டிய பக்கம்தான் உடைந்திருக்கிறது. சில்லுகள் பபிள் ஷீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன."

மூன்றாவது படம்தான் முக்கியம் நண்பர்களே. நசுங்கிய இடமும் உடைந்த இடமும் ஒன்றாக இருப்பதால், வழியில் பட்ட அடிதான் காரணம் என்று சொல்ல முடிகிறது. ஜாடியை வெளியே எடுத்துவிட்டுப் படம் பிடித்திருந்தால் இந்தத் தொடர்பே தெரியாமல் போயிருக்கும்.

கடைசியில் ஆர்டர் எண், பெட்டி வந்த தேதி, "வேறு ஜாடி அல்லது முழுப் பணம்" என்ற கோரிக்கை. அவ்வளவுதான்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு இரண்டாம் நாளே ஒப்புகை வந்துவிட்டது. ஜாடிதான் இன்னும் வரவில்லை. மாதம் தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவரை, அம்மா எவ்வளவு திட்டினாலும், அந்தப் பெட்டி பரண்மேல்தான் இருக்கும்!