ஆறு கச்சேரிக்கு ஒரே சீட்டு



சம்பளப் பணம் கைக்கு வந்ததும் அரிசிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒரு பங்கு என்று எடுத்து வைக்கிறோம். மிச்சம் இருந்தால் ஒரு நல்ல பாட்டைக் கேட்கவும் ஆசைப்படுகிறோம். பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைப்பவருக்குப் பாட்டு வேண்டாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஆசைப்பட்டுப் பணம் கட்டும் இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதுதான் பருவச் சீட்டு.

ஒரு தொடரில் நடக்கும் பல கச்சேரிகளுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டி வாங்குவதே பருவச் சீட்டு. 1928-இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமியின் மார்கழிக் கச்சேரிகளுக்கு, பருவம் முழுதும் ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்க இப்படிச் சீட்டு வாங்குவார்கள். நம் கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்திலும், மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கச்சேரிகளுக்குத் தொடர் சீட்டு விற்றிருக்கிறார்கள். சிறிய சபாக்களும் இதே வழியைப் பின்பற்றுவது உண்டு.

இதில் இருவருக்கும் லாபம் உண்டு. நமக்கு விலை குறையும். சபாவுக்கு முன்பணம் கிடைக்கும். மண்டபத்துக்கு வாடகை கட்டவும், பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் வரவழைக்கப் பயணச் சீட்டு எடுக்கவும் அந்தப் பணம்தான் உதவுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நான்காவது கச்சேரிக்காக நாம் கட்டிய பணம், அந்தக் கச்சேரி நடந்து முடியும் வரை சபாவின் வருமானம் ஆகாது. அதுவரை அது சபா நமக்குத் தர வேண்டிய கடன். இந்த ஒரு கணக்கு மனத்தில் நின்றால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பாட்டு என்றால் உயிர். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சபா நடத்திய தொடருக்கு அவர் சீட்டு வாங்கினார். சபாவின் பெயர் நமக்கு வேண்டாம். ஆறு கச்சேரிகளுக்கு 240 வெள்ளி. தனித் தனியாக வாங்கினால் ஒன்று 50 வெள்ளி, ஆறுக்கு 300 வெள்ளி ஆகும். அறுபது வெள்ளி மிச்சம் என்று அவருக்கு மகிழ்ச்சி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை மாதம் 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளிதான் வருகிறது. 240 வெள்ளி என்பது ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு.

முதல் கச்சேரி இனிதாக முடிந்தது. இரண்டாவது கச்சேரியன்று பிற்பகலில் அவருக்குத் திடீரென்று இரவு வேலை போட்டுவிட்டார்கள். உடனே சபாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். "நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தந்திருப்போம், இப்போது முடியாது" என்றார்கள். அண்ணனுக்குக் கோபம். ஆனால் வாசகர்களே, இதில் சபாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் முன்பே ஓர் இருக்கை காலி என்று தெரிந்தால், அதை இன்னொருவருக்கு விற்று நமக்கு வேறு நாளில் இடம் கொடுக்க முடியும். கச்சேரியன்று மாலை தெரிந்தால் அந்த நாற்காலி வெறுமனே கிடக்கும். மண்டப வாடகையோ அதற்காகக் குறையாது. அதனால் நாமாகத் தவறவிட்ட கச்சேரிக்குப் பெரும்பாலும் பணமும் கிடைக்காது, வரவும் கிடைக்காது. முன்கூட்டிச் சொன்னால் மாற்றிக்கொள்ளும் வசதி மட்டும் சில இடங்களில் உண்டு. கிள்ளானுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்கப் பாதிக் கச்சேரியில் எழுந்து வந்தாலும் அது நாம் கேட்ட கச்சேரியாகவே கணக்காகும்.

மூன்றாவது கச்சேரிக்கும் அவரால் போக முடியவில்லை. இந்த முறை அக்காள் மகனிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். வாசலில் பையனை நிறுத்திவிட்டார்கள். சீட்டில் அண்ணனின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருந்தன. சீட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் உள்ளே விடும் சீட்டு. மற்றது பெயர் போட்ட சீட்டு. முன்னதை மாமன் ஒரு நாளும் மருமகன் ஒரு நாளும் கொண்டு போகலாம். ஆனால் தொலைந்துபோனால் போனதுதான். பின்னது தொலைந்தாலும் பதிவைப் பார்த்து மறுபடி எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் கைமாற்றச் சபாவின் சம்மதம் வேண்டும். சிலர் சீட்டுகளை மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு விற்பதைத் தடுக்கத்தான் பெயர் போடுகிறார்கள். நல்ல வேளையாக, அண்ணன் வேலையிடத்திலிருந்தே பையனின் பெயரையும் தம் சீட்டு எண்ணையும் எழுதிச் செய்தி அனுப்பினார். அதைப் பார்த்த பின் பையனை உள்ளே விட்டார்கள். தோட்டக் கோயில் குழுவினர் பத்துப் பேராகச் சேர்ந்து வண்டி பிடித்து வருவதாக இருந்தால், பெயர் போடாத சீட்டு கேட்டு வாங்குவதே நல்லது. ஒருவருக்கு வேலை வந்தால் இன்னொருவர் வரலாம்.

நான்காவது கச்சேரியில்தான் உண்மையான வழக்கு வந்தது. பாடகருக்கு உடல்நலம் இல்லை என்று சபாவே கச்சேரியை நிறுத்திவிட்டது. இங்கே தவறியது நாமல்ல. சபா 40 வெள்ளிக்கு ஒரு வரவுச் சீட்டு எழுதிக் கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் வேறொரு கச்சேரிக்கு அதைப் பயன்படுத்தலாம் என்றார்கள். ஆனால் ஆண்டு முடிவதற்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிறப்புக் கச்சேரி. அதன் விலை 60 வெள்ளி. வரவு போக இன்னும் 20 வெள்ளி கையிலிருந்து போட வேண்டும்.

"தனிச் சீட்டு 50 வெள்ளிதானே, எனக்கு ஏன் 40?" என்று அண்ணன் கேட்டார். அவர் கட்டியது ஆறுக்கு 240, ஆகவே ஒன்றுக்கு 40. கட்டியதைத்தான் திரும்பக் கேட்க முடியும். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பணமாகத் தராமல் வரவாக மட்டுமே தருவேன் என்பதும், அதற்கு நெருக்கமான கெடு வைப்பதும் வேறு விஷயம். சீட்டு வாங்கும்போதே அப்படி எழுதியிருந்ததா என்று பார்த்தோம். பின்பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. சபாவே ஒப்புக்கொண்ட கச்சேரியைச் சபாவே நடத்தவில்லை. ஆகவே அண்ணன் 40 வெள்ளியைப் பணமாகவே கேட்டு, ரசீது எண்ணையும் கச்சேரித் தேதியையும் குறித்து ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் பணம் வந்தது.

இந்தக் கணக்கு இன்னொரு விதமாகவும் திரும்பும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று கச்சேரி முடிந்த பிறகு தொடர் முழுவதும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மூன்று, ஒன்றுக்கு 40 வீதம் 120 வெள்ளி திரும்ப வேண்டும். சிலரோ, "நீங்கள் கேட்ட மூன்றுக்கும் தனிச் சீட்டு விலை 50 வீதம் 150 ஆயிற்று, 240-இல் மிச்சம் 90தான்" என்பார்கள். முப்பது வெள்ளி அப்படியே காணாமல் போகிறது. நாமாகவே விலகினால் சலுகையைக் கழிப்போம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் அது ஒரு வாதம். சபா நிறுத்தியதற்கு நம் சலுகையைப் பறிப்பது நியாயமல்ல.

யார் மீதும் குற்றம் இல்லாமலும் கச்சேரி நிற்கும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மண்டபங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. உலகெங்கும் பல இசை அமைப்புகள் அப்போது மூன்று வழி காட்டின. பணத்தைத் திரும்பப் பெறலாம், அடுத்த பருவத்துக்கு வரவாக வைக்கலாம், அல்லது கலைஞர்களுக்கு நன்கொடையாக விட்டுவிடலாம். நடத்த முடியாமல் போன ஒப்பந்தத்துக்காகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மற்றவர் அதற்குள் செய்துவிட்ட செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆகவே அப்படிப்பட்ட காலத்தில் முழுப் பணமும் வரும் என்று எண்ணிவிட முடியாது.

கேட்டும் தராவிட்டால் வழக்கறிஞர் தேவையில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே பேசுவது நம் வாய் மட்டுமல்ல, தாளும்தான். ரசீதும், நிகழ்ச்சி அறிவிப்பும், கச்சேரி நின்றதாக வந்த செய்தியும் கையில் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்பே சில அடையாளங்களைப் பார்த்துவிடலாம். முதல் இரண்டு கச்சேரிக்கு மட்டும் தேதியும் மண்டபமும் போட்டு, மற்றதற்கு "பின்னர் அறிவிக்கப்படும்" என்றிருந்தால் நிதானியுங்கள். பிந்திய கச்சேரிகளுக்கு மண்டபமே பிடிக்காமல் நம் பணத்தைக் கொண்டு முந்திய செலவை அடைக்கிறார்களோ என்று சந்தேகப்பட இடமுண்டு. எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். சபாவிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கைமாற்றலாமா? எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் மாற்றித் தருவீர்கள்? நீங்கள் நிறுத்தினால் பணமா, வரவா? வரவானால் எந்த விலையில், எந்தத் தேதி வரை?

இரவு வேலையும் முறை வேலையும் உள்ளவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அண்ணனின் சீட்டில் ஆறில் ஒன்று தவறினால் மிச்சம் ஐந்துக்கு 240, அதாவது ஒன்று 48 வெள்ளி. இன்னும் லாபம்தான். இரண்டு தவறினால் ஒன்று 60 வெள்ளி ஆகிவிடும். அப்போது வேண்டியதை மட்டும் தனிச் சீட்டாக வாங்கியிருப்பதே மலிவு. உங்கள் வேலை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளை ஒத்துப் பாருங்கள். ஐந்து தேதியாவது ஒத்துவந்தால் பருவச் சீட்டை வாங்குங்கள்.