பற்பசை போட்ட கண்ணாடி



தரம் 5 இல் எங்களிடம் படிக்கும் பிள்ளையொன்று, முன் வாங்கில் இருந்தும் கரும்பலகையில் உள்ள 3ஐ 8 என்று எழுதியது. கவனமில்லை என்று இரண்டு நாள் ஏசினோம். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வலது லென்ஸ் புகை பிடித்தமாதிரி இருந்தது. கீறல் போகட்டும் என்று வீட்டில் பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

இன்றைய லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கும். பற்பசையிலும் அப்பச்சோடாவிலும் இருக்கும் நுண்ணிய துகள்கள் அந்தப் பூச்சை அராவிவிடும். ஒரு கீறலைச் சுற்றி நூறு கீறல் வந்து, வெளிச்சம் சிதறிப் புகைமூட்டமாகத் தெரியும். லென்ஸில் விழுந்த கீறலை வீட்டில் எடுக்க வழியே இல்லை.

அதே கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டும் இருந்தது. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். வெள்ளைத் துணியொன்றை விரித்து அதன்மேல் வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கமாக மெதுவாகத் திருக வேண்டும். இறுகியதும் நிறுத்திவிடுங்கள். கால் தன்பாட்டில் மடங்கி விழாமலும், மடக்கும்போது முரண்டு பிடிக்காமலும் இருந்தால் அளவு சரி. திரும்பத் திரும்பக் கழன்றால், ஸ்க்ரூவின் தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். ஸ்க்ரூ தொலைந்திருந்தால் பல்லுக்குத்தும் குச்சியைச் செருகி, நீட்டியதை முறித்துவிட்டால் கடைக்குப் போகும்வரை தாங்கும். சுப்பர் குளூ மட்டும் வேண்டாம். மூட்டு ஒட்டிப்போகும், அதன் ஆவி லென்ஸிலும் வெள்ளையாகப் படியும்.

பிரேம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கால்களை விரித்து மேசையில் வையுங்கள். இரண்டு கால் நுனியும் மேசையில் பட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால், பிளாஸ்டிக் பிரேம் என்றால், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அந்தக் காலை மட்டும் அரை நிமிடம் பிடித்து, கொஞ்சங் கொஞ்சமாக வளைக்கலாம். லென்ஸில் சூட்டுத் தண்ணீர் படக்கூடாது, பூச்சு வெடிக்கும். உலோகப் பிரேமை முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடத்திலேயே முறிந்துவிடும், அதைக் கடையிலேயே கொடுங்கள்.

ஸ்பிரிங் வைத்த கால், விளிம்பில் ஆடும் லென்ஸ், வெடிப்பு, கழுவியும் போகாத மங்கல் எல்லாம் கண்ணாடிக் கடைக்குரியவை. வளைவை நிமிர்த்திய பிறகு பிள்ளை தலையைச் சரித்துப் பார்த்தாலோ தலையிடி என்றாலோ உடனே போங்கள், லென்ஸின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே இல்லாமல் இருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் சொன்னோம். லென்ஸ் மாற்றப் போன இடத்தில் கண்ணையும் சோதித்தார்கள், பவரும் கூடியிருந்தது. இப்போது பின் வாங்கிலிருந்தே பலகையைப் பார்த்து எழுதுகிறது. ஏசியதற்குப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.